1104022733 கொழும்பில் எத்தனை மணி? பழைய டைம்ஸ்டாம்பை மாற்றும் வழிகள்

பழைய தரவுத்தளம் ஒன்றைத் திறந்தால், திகதி இருக்கவேண்டிய நிரலில் பத்து இலக்க எண்கள் வரிசையாக நிற்கும். 1970 ஜனவரி 1ஆம் திகதி நள்ளிரவை, யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி, பூச்சியமாக வைத்து அன்றிலிருந்து கழிந்த செக்கன்களை எண்ணிய கணக்கு அது. யூனிக்ஸ் நேரம் என்பார்கள். இதை நாளாகவும் மணியாகவும் மாற்றச் சொன்னால் கொழும்பில் வேலை செய்கிற சிலர் ஐந்தரை மணித்தியாலத்துக்குரிய 19800 செக்கனைக் கூட்டுவார்கள். சிலர் கணினி எதைக் காட்டுகிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். இன்னும் சிலர் `Asia/Colombo` என்ற வலயப் பெயரைக் கொடுத்து மாற்றுவார்கள்.

நேற்றைய பதிவு என்றால், கணினி ஒழுங்காக அமைக்கப்பட்டிருக்கும் வரை, மூன்று பேருக்கும் ஒரே விடைதான் வரும். எதைத் தெரிவு செய்தாலும் குறையில்லை. ஆனால் 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட பதிவு கையில் வந்தால் விடைகள் பிரிந்துவிடும். காரணம் இலங்கையின் மணிக்கூடுதான்.

1996இல் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களை நம்பியிருந்த நாடு மின்வெட்டில் தவித்தது. மாலை வெளிச்சத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் மே 25ஆம் திகதி பிறந்த கணத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த நாடு ஆறரை மணித்தியாலம் முன்னே போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒன்பதரை ஆண்டுகள் நாம் ஆறு மணித்தியால வித்தியாசத்தில் வாழ்ந்தோம். 2006இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 15ஆம் திகதி நள்ளிரவு 12.30ஐ 12.00 ஆகத் திருப்பி வைத்து, மீண்டும் இந்தியாவின் நேரத்துக்கே வந்து சேர்ந்தோம்.

ஆகவே அந்தப் பத்தாண்டு காலத்துப் பதிவை இன்றைய கணக்கில் மாற்றினால் அரை மணித்தியாலம் குறைவாக வரும். 1996இன் அந்த ஐந்து மாதங்களில் ஒரு முழு மணித்தியாலம் குறையும். விடை பிழை என்று எந்தத் திரையும் சொல்லாது.

ஒரு எண்ணைக் கையால் மாற்றிப் பார்ப்போம்

எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணத்தை எடுத்துக்கொள்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்ட நேரம் யூடிசியில் 00:58:53 என்று பதிவாகியிருக்கிறது. அதன் யூனிக்ஸ் எண் 1104022733. நேரம் உலகத்துக்கே தெரிந்தது என்பதால் எந்த முறையையும் இதை வைத்துச் சோதிக்கலாம்.

ஒரு நாளுக்கு 86400 செக்கன். யூனிக்ஸ் கணக்கு லீப் செக்கன்களைக் கண்டுகொள்வதில்லை, எல்லா நாளும் சரியாக 86400 என்றே வைத்துக்கொள்கிறது. அதனால் வெறும் வகுத்தல் போதும். 1104022733ஐ 86400ஆல் வகுத்தால் ஈவு 12778, மீதி 3533. ஈவுதான் 1970இலிருந்து கழிந்த முழு நாட்கள். 1970 தொடக்கம் 2003 முடியும் வரை 34 ஆண்டுகள். அவற்றில் 8 லீப் ஆண்டுகள். 34ஐ 365ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால் 12418. மிச்சம் 360 நாட்கள். 2004 லீப் ஆண்டு, ஆகவே ஜனவரி 1இலிருந்து 360 நாட்கள் தள்ளி வருவது டிசம்பர் 26. மீதியாக நின்ற 3533 செக்கனை நிமிடமாக்கினால் 58 நிமிடம் 53 செக்கன். 00:58:53 கிடைத்துவிட்டது.

இதுவரை சர்ச்சை எதுவுமில்லை. இதை எந்த மொழியில் எழுதினாலும் இதே விடைதான். கொழும்பு நேரமாக மாற்றும் கடைசிப் படியில்தான் தெரிவு வருகிறது. 19800 செக்கனைக் கூட்டினால் காலை 6:28:53. அன்று நடைமுறையில் இருந்த ஆறு மணித்தியாலத்துக்குரிய 21600ஐக் கூட்டினால் காலை 6:58:53. அன்றைக்குக் கொழும்பில் சுவரில் தொங்கிய மணிக்கூடு காட்டியது இரண்டாவதைத்தான்.

19800 கூட்டும் வழி

இதை இளக்காரமாகச் சொல்வதற்கில்லை. எக்செல் ஒன்று போதும், இணையம் வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம்:

```
=A2/86400 + DATE(1970,1,1) + 5.5/24
```

கலத்தின் வடிவத்தைத் திகதி-நேரம் என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. பதிவுகள் எல்லாம் 2006 ஏப்ரலுக்குப் பிந்தியவை என்று உறுதியாகத் தெரிந்தால் நானும் இதைத்தான் செய்வேன். இலங்கையில் கோடை நேரம் என்ற வழக்கமில்லை, அதனால் ஆண்டுக்கு இரண்டு தடவை மாறுகிற தொல்லையும் இல்லை. நாளைக்கே அரசாங்கம் மீண்டும் மணிக்கூட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. ஒரு தடவை போட்டு முடிக்கிற அறிக்கைக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் ஓடப்போகிற மென்பொருளுக்குள் 19800 என்று எழுதி வைப்பவர் யோசிக்கத்தான் வேண்டும்.

இந்த வழியில் அரை மணித்தியாலம் எப்போது கடிக்கும் என்றால், நள்ளிரவை ஒட்டி. இணையத்தில் வந்த ஒரு ஓடரின் எண் 1112292720 என்று வைத்துக்கொள்வோம். யூடிசியில் அது 2005 மார்ச் 31, மாலை 6:12. அன்றைய கொழும்பு நேரப்படி ஏப்ரல் 1, அதிகாலை 12:12. 19800 கூட்டியவருக்கோ மார்ச் 31, இரவு 11:42 என்று வரும். மார்ச் 31உடன் கணக்காண்டை மூடுகிற நிறுவனம் என்றால் அந்த விற்பனை முந்திய ஆண்டுக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் நள்ளிரவு 12.00க்கும் 12.30க்கும் இடையில் நடந்த ஒவ்வொன்றும் இப்படி ஒரு நாள் பின்னே போகும். பகல் வியாபாரத்தில் நாள் மாறாது, மணி மட்டுமே மாறும். பல இடங்களில் பிழை பிடிபடாமல் போவதற்கு அதுதான் காரணம்.

கணினியின் நேரத்தை நம்பும் வழி

வலயம் எதையும் சொல்லாமல் `datetime.fromtimestamp(1104022733)` என்று பைதனிலோ `FROM_UNIXTIME(1104022733)` என்று மைஎஸ்கியூஎல்லிலோ கேட்பது. விடை அந்தக் கணினி அல்லது அந்த இணைப்பு எந்த வலயத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் மடிக்கணினியில் ஒன்று வரும், யூடிசியில் ஓடும் சேர்வரில் இன்னொன்று வரும். சும்மா ஒரு எண்ணை எட்டிப் பார்ப்பதற்கு மேல் இதை நான் பயன்படுத்துவதில்லை.

பெயர் சொல்லிக் கேட்கும் வழி

`Asia/Colombo` என்பது உலக நேர வலயத் தரவுத்தொகுப்பில் இலங்கைக்கு உரிய பெயர். லினக்ஸ், மெக், அண்ட்ரொயிட் எல்லாம் இந்தத் தொகுப்பைத்தான் பயன்படுத்துகின்றன. மேலே சொன்ன 1996, 2006 மாற்றங்கள் மூன்றும் அதற்குள் செக்கன் கணக்கில் இருக்கின்றன. லினக்ஸில் பார்ப்பது சுலபம்:

```
$ TZ=Asia/Colombo date -d @1104022733 '+%F %T %z'
2004-12-26 06:58:53 +0600
$ TZ=Asia/Kolkata date -d @1104022733 '+%F %T %z'
2004-12-26 06:28:53 +0530
```

இரண்டாவது கட்டளையை வேண்டுமென்றேதான் போட்டேன். இப்போது நேரம் ஒன்றுதானே என்று இந்திய வலயத்தைத் தெரிவு செய்து வைத்திருக்கும் சேர்வர்கள் கொழும்பில் ஏராளம். நடப்புப் பதிவுகளுக்கு வித்தியாசமே தெரியாது. பழைய பதிவுகளுக்கு அது 19800 கூட்டுவதற்குச் சமம். பெயர் சொல்லிக் கேட்டேனே என்ற நிம்மதி மட்டும் மிச்சம்.

பைதனில் (3.9 அல்லது அதற்குப் பிந்தியது) இப்படி:

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo
datetime.fromtimestamp(1104022733, ZoneInfo("Asia/Colombo"))
```

விண்டோஸில் பைதனுக்கு வலயத் தொகுப்புத் தானாகக் கிடைக்காது. `pip install tzdata` என்று ஒரு தடவை போட வேண்டும். போடாவிட்டால் பைதன் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லதுதான். லினக்ஸின் `date` கட்டளை நிற்பதில்லை. பெயரை `Asia/Colmbo` என்று எழுத்துப் பிழையோடு கொடுத்தாலும், வலயத் தொகுப்பே நிறுவப்படாத சிறிய கொள்கலனுக்குள் ஓடினாலும், சத்தமில்லாமல் யூடிசி நேரத்தையே காட்டிவிடும். அதனால்தான் மேலே கட்டளையின் கடைசியில் `%z` சேர்த்திருக்கிறேன். அங்கே `+0000` என்று கண்டால் பெயர் எடுபடவில்லை என்று அர்த்தம்.

மைஎஸ்கியூஎல் இன்னொரு விதம். வலயப் பெயர்களுக்கான அட்டவணைகள் பல நிறுவல்களில் வெறுமையாகவே இருக்கும். `SET time_zone = 'Asia/Colombo'` என்று போட்டால் பிழை வரும். `CONVERT_TZ` இல் அந்தப் பெயரைக் கொடுத்தால் `NULL` வரும். சேர்வரோடு வரும் `mysql_tzinfo_to_sql` என்ற கருவியால் அட்டவணைகளை நிரப்பிவிட்டால் சரியாகும். ஆனால் அவசரத்தில் இருப்பவர் பெயரை எடுத்துவிட்டு `'+05:30'` என்று போடுவார். உடனே வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு அட்டவணை தேவையில்லை. இப்படித்தான் மூன்றாவது வழியில் புறப்பட்டவர் தெரியாமலே முதலாவது வழிக்கு வந்து சேர்கிறார்.

இன்னொரு சங்கதி, வழி எதுவானாலும் பொருந்தும். சில மென்பொருள்கள் செக்கனை அல்ல, மில்லிசெக்கனை எண்ணுகின்றன. நமது காலத்துச் செக்கன் எண்ணில் பத்து இலக்கம், மில்லிசெக்கன் எண்ணில் பதின்மூன்று. நமது உதாரண எண்ணை மில்லிசெக்கன் என்று நினைத்து மாற்றினால் கொழும்பு நேரப்படி 1970 ஜனவரி 14 என்று வரும். நிரல் முழுக்க 1970 ஜனவரியாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2001 செப்டெம்பருக்கு முந்திய எண்களில் ஒன்பது இலக்கமே இருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம்.

எண்ணே பிழையாக இருந்தால்?

இதுவரை படித்தவர் `Asia/Colombo` தான் விடை, விசயம் முடிந்தது என்று நினைக்கலாம். எண் உண்மையான யூடிசியிலிருந்து எண்ணப்பட்டது என்றால் முடிந்ததுதான். ஆனால் அந்தக் காலத்துக் கடைக் கணினிகளில் எண் எப்படி உருவானது என்று பார்த்தால் கதை மாறுகிறது.

மென்பொருள் யூனிக்ஸ் எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? விண்டோஸ் கணினியில் மணிக்கூடு உள்ளூர் நேரத்தையே வைத்திருக்கும். அதிலிருந்து, அமைப்புகளில் தெரிவு செய்யப்பட்ட வலயத்தின் வித்தியாசத்தைக் கழித்தால் யூடிசி கிடைக்கும். இந்த இரண்டும் ஒத்துப்போனால்தான் எண் சரி. நாட்டின் நேரம் மாறியபோது கடைக்காரர் என்ன செய்திருப்பார்? திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைக் கையால் முன்னே தள்ளியிருப்பார். வலய அமைப்பை யார் தொட்டார்கள்? அது இந்திய வலயத்திலோ பழைய ஐந்தரையிலோ அப்படியே கிடந்தால், மணிக்கூடு ஆறு மணித்தியாலக் கணக்கில் ஓட, கழிக்கப்படுவது ஐந்தரையாக இருக்கும். எண் உண்மையைவிட 1800 செக்கன் கூடிவிடும்.

2006இலும் இதன் மறுபக்கம் நடக்க இடமிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற வலயம் ஆறு மணித்தியால வித்தியாசத்தோடுதான் வந்தது. நேரம் மாறிய பின் இற்றைப்படுத்தாமல் மணிக்கூட்டை மட்டும் அரை மணித்தியாலம் பின்னே வைத்த கணினியில் எண் 1800 செக்கன் குறைவாகப் பதிவாகும்.

ஆக, எந்த வழி சரி என்று கேட்பதற்கு முன்னால், எண் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது: 2006 ஏப்ரலைத் தாண்டிப் பார்ப்பது.

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையின் பழைய பில்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுகிற வேலை ஒன்று எனக்கு வந்தது. கடை அன்றும் இன்றும் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். மனிதர்கள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் கடை திறப்பார்கள். யூடிசி பார்த்து யாரும் கதவைத் தூக்குவதில்லை. ஆகவே சரியாக மாற்றப்பட்ட பதிவில் ஒவ்வொரு நாளின் முதல் பில்லும் ஒன்பதை ஒட்டியே இருக்க வேண்டும், மார்ச் 2006 என்றாலும் சரி, மே 2006 என்றாலும் சரி. ஏப்ரலை விட்டுவிடுவது நல்லது. புத்தாண்டு விடுமுறை, அரை நாள் கடை என்று அந்த மாதம் குழம்பிக் கிடக்கும்.

எண்கள் உண்மையான யூடிசியாக இருந்திருந்தால், `Asia/Colombo` கொண்டு மாற்றும்போது இரண்டு மாதமும் ஒன்பதில் நிற்கும். 19800 கூட்டினால் மார்ச் மாதம் எட்டரைக்கும் மே மாதம் ஒன்பதுக்கும் கடை திறந்தது போலத் தெரியும். நடந்தது வேறு. `Asia/Colombo` கொண்டு மாற்றியபோது மார்ச் மாத முதல் பில்கள் ஒன்பதரையைத் தாண்டியும் மே மாத முதல் பில்கள் ஒன்பதைத் தாண்டியும் நின்றன. 19800 கூட்டியபோது இரண்டும் ஒன்பதில் ஒத்துப்போயின. அதாவது மணிக்கூட்டைக் கையால் தள்ளிய கணினி அது.

ஒரு சோதனையை மட்டும் நம்பாமல் கடைக்காரரிடம் பழைய பில் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். கார்பன் பிரதி ஒன்றில் 2003 ஓகஸ்ட் 19, காலை 10:14 என்று அச்சாகியிருந்தது. அதே பில் இலக்கத்துக்குத் தரவுத்தளத்தில் இருந்த எண் 1061268240. யூடிசியில் 04:44. ஐந்தரையைக் கூட்டினால் 10:14, ஆறைக் கூட்டினால் 10:44. தாளில் அச்சானது அன்றைய சுவர் நேரம். ஐயத்துக்கு இடமில்லை.

அப்படியென்றால் இந்தக் கடைக்கு 19800 வழியே சரி என்று விட்டுவிடலாமா? கடையின் பில்களை மட்டும் தனியாகப் பார்ப்பதென்றால் விடலாம். ஆனால் அதே கடைக்கு வெளிநாட்டுச் சேர்வர் ஒன்றில் பதிவான இணைய ஓடர்களும் இருந்தன, அவற்றின் எண்கள் உண்மையான யூடிசி. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒரே வழியில் மாற்றினால் ஏதோ ஒன்று கட்டாயம் அரை மணித்தியாலம் பிழைக்கும். ஆகவே எண்ணைத் திருத்துவதே நேர்வழி. மணிக்கூடு தள்ளப்பட்டிருந்த காலத்துக் கடைப் பதிவுகளில் 1800ஐக் கழித்து உண்மையான யூடிசிக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் `Asia/Colombo` கொண்டு மாற்றினேன். மேலே சொன்ன பில் 1061266440 ஆகி, அதே 10:14ஐத் தந்தது.

எந்தத் திகதி வரை கழிப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நாட்டின் நேரம் ஏப்ரல் 15இல் மாறியது. கடைக் கணினியின் மணிக்கூடு மாறியது விடுமுறை முடிந்து யாரோ கவனித்த நாளில். அந்த நாளைக் கண்டுபிடிக்க ஏப்ரல் பிற்பகுதியின் முதல் பில்களை நாள் நாளாகப் பார்க்க வேண்டும். பில் இலக்கம் கூடும்போது எண் குறைகிற ஒரு இடம் வந்தால் இன்னும் நல்லது, மணிக்கூட்டைப் பின்னே வைத்த கணம் அதுதான்.

பெயர் கிடைக்காத இடத்தில்

வாடிக்கையாளர் எக்செல்லை விட்டு வரமாட்டார், ஆனால் பதிவுகள் 1990களில் தொடங்குகின்றன என்றால் நடுவழி ஒன்று உண்டு. நேரம் மாறிய மூன்று கணங்களின் எண்களையும் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிடலாம்:

```
=A2/86400 + DATE(1970,1,1) +
 IF(A2<832962600, 5.5,
 IF(A2<846266400, 6.5,
 IF(A2<1145039400, 6, 5.5)))/24
```

முதல் எண் 1996 மே 24, யூடிசி 18:30. இரண்டாவது 1996 ஒக்டோபர் 25, யூடிசி 18:00. மூன்றாவது 2006 ஏப்ரல் 14, யூடிசி 18:30. `Asia/Colombo` செய்வதைத்தான் இதுவும் செய்கிறது, 1970க்குப் பிந்திய காலத்துக்கு. 1942க்கும் 1945க்கும் இடையில் உலகப் போர்க் காலத்திலும் இலங்கையின் நேரம் முன்னே தள்ளப்பட்டது. அந்தக் காலத்துத் திகதிகளை எதிர் எண்களாகச் சேமித்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் போதாது. அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வடக்கு, கிழக்கிலிருந்து வரும் பதிவுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1996 மாற்றத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் மணிக்கூடுகள் ஐந்தரைக் கணக்கிலேயே ஓடின. `Asia/Colombo` தருவது அரசாங்கத்தின் நேரம். 2003இல் கிளிநொச்சியில் ஒருவர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டின் நேரம் வேண்டுமென்றால் 19800 கூட்டுவதே பொருத்தம். அந்தப் பத்தாண்டில் பிறந்த பிள்ளைகளின் சாதகம் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தலையிடி நன்றாகவே தெரியும்: நேரம் குறித்தது எந்த இடத்தில், எந்த மணிக்கூட்டைப் பார்த்து என்று கேட்காமல் கட்டம் போட முடியாது, லக்கினம் மாற அரை மணித்தியாலம் போதும்.

எதைச் சேமிப்பது

பதிவுகள் எல்லாம் 2006 ஏப்ரலுக்குப் பிந்தியவை, ஒரு தடவை மட்டும் மாற்றினால் போதும் என்றால் எக்செல்லில் 19800. பழைய பதிவுகள் கலந்திருந்தால், அல்லது மென்பொருள் தொடர்ந்து ஓடப்போகிறது என்றால் `Asia/Colombo`, ஆனால் அதற்கு முன் திறக்கும் நேரச் சோதனை. பெயர் எடுபடாத இடத்தில் மூன்று எண் சூத்திரம்.

எந்த வழியில் மாற்றினாலும் மூல எண்ணை அழிக்க வேண்டாம். மாற்றிய திகதியைப் புதிய நிரலில் போடுங்கள். திருத்திய எண் இருந்தால் அதற்கும் தனி நிரல். வட்டில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எண்ணை எடுத்துவிட்டு உள்ளூர் நேரத்தை மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணிலிருந்து திகதிக்குப் போகும் பாதை ஒன்றுதான், திரும்பி வரும் பாதை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1996 மே 25 அதிகாலை 12.20 என்று ஒரு நேரம் கொழும்பில் இருக்கவே இல்லை. 2006 ஏப்ரல் 15 அதிகாலை 12.15 இரண்டு தடவை வந்தது, முதல் தடவை ஆறு மணித்தியாலக் கணக்கில், அரை மணித்தியாலம் கழித்து மீண்டும் ஐந்தரைக் கணக்கில். பைதன் அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட `fold` என்று ஒரு அடையாளம் வைத்திருக்கிறது: முதல் தடவைக்கு 0, இரண்டாவதற்கு 1. எண் கையில் இருந்தால் அது தானாகவே சரியாக விழும். இல்லாவிட்டால் அந்த 12.15 எந்த 12.15 என்பதை வெறும் திகதியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.